நடை நின்றது, கடிதங்கள் தொடங்கின

வாசகர் கடிதம்:

“எனக்கு வயது 47. கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவனோடு இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். ஒரே நகரில் இருந்ததால் பன்னிரண்டு ஆண்டுகளாக, ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் ஒரு மணி நேரம் சேர்ந்து நடப்போம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். கைப்பேசியில் ‘கிளம்பிவிட்டேன்’, ‘இன்று வரவில்லை’ என்பதோடு சரி. ஐந்து மாதங்களுக்கு முன் வேலை மாற்றலாகி, மனைவி மகளோடு வேறு நகரத்துக்குப் போனான். முதல் மாதம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு திடீரென்று எழுதத் தொடங்கினான். இப்போது நாளுக்கு நான்கைந்து நீளமான செய்திகள், வாரம் ஒரு மின்னஞ்சல். இறந்துபோன தந்தையைப் பற்றி, புதிய அலுவலகத்தில் தன்னை யாரும் மதிக்காததைப் பற்றி, வயதாவதைப் பற்றி. சில செய்திகள் இரவு ஒரு மணிக்கு வருகின்றன. எனக்கு எழுத வராது. இரண்டு வரி பதில் போடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இப்போதெல்லாம் இரண்டு மூன்று நாள் திறக்காமலே விட்டுவிடுகிறேன். உடனே ‘கோபமா?’ என்று கேட்கிறான். மனைவியிடம் சில செய்திகளைக் காட்டினேன். ‘இது இயல்பாக இல்லை’ என்கிறாள். அலுவலகத்தில் ஒருவர், ‘பதில் போடாதீர்கள், தானாக நின்றுவிடும்’ என்கிறார். குடும்பம் உடன் இருக்கும்போது எனக்கு ஏன் இவ்வளவு எழுத வேண்டும்? அவனுக்கு மனநோயா? என்மேல் வேறு ஏதாவது எண்ணமா? நேரில் சொல்லாததையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறான்?”

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் நடந்திருக்கிறீர்கள். விடுமுறை, மழை, உடல்நலக் குறைவு எல்லாவற்றையும் கழித்தாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 280 மணி நேரம் அவர் உங்கள் பக்கத்தில் இருந்திருக்கிறார். இப்போது வரும் செய்திகளைப் படிக்க உங்களுக்கு நாளுக்குக் கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலையும் சேர்த்தால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முன்பு உங்களிடமிருந்து அவருக்குக் கிடைத்தது ஆறு மணி நேரம். செய்திகளை எண்ணினால் அவர் திடீரென்று பல மடங்கு நெருங்கி வந்தது போலத் தோன்றும். நேரத்தை எண்ணினால், உங்கள் இருவருக்கும் இடையிலான தொடர்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவைத்தான் அவர் சொற்களால் நிரப்பப் பார்க்கிறார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

நான் படித்தது உங்கள் கடிதத்தை மட்டும்தான், அவருடைய செய்திகளை அல்ல. ஆகவே அவருக்கு என்ன என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை எப்படிக் கண்டுகொள்வது, உங்கள் பங்குக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.

நேரில் சொல்லாததை ஏன் எழுதுகிறார்

பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ சென்ற இளைஞர்களின் நட்புகளைச் சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், பெண்களின் நட்பு தேய்ந்துபோகாமல் காத்தது பேச்சு. ஆண்களுக்கோ சேர்ந்து ஏதாவது செய்வதுதான் அந்த வேலையைச் செய்தது. எல்லா ஆணும் அப்படி, எல்லாப் பெண்ணும் இப்படி என்று இதைப் படிக்கக் கூடாது. ஆனால் உங்கள் இருவருக்கும் இது பொருந்துகிறது. உங்கள் நட்பு நடையில் இருந்தது. பக்கத்தில் ஒருவர் நடக்கும்போது மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. தந்தை இறந்த வாரத்திலும் அவர் உங்களோடு நடந்திருப்பார். நீங்கள் ஒரு சொல் கூட ஆறுதல் சொல்லாமல் இருந்திருக்கலாம், அவருக்கு அது போதுமானதாகவும் இருந்திருக்கலாம்.

இடம் மாறியதும் அந்த மௌனத்துக்கு வழியில்லாமல் போய்விட்டது. தொலைவில் இருப்பவரோடு சும்மா இருக்க முடியாது, எதையாவது சொன்னால்தான் தொடர்பே உண்டு. எழுதும்போது எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. கூச்சம் குறைகிறது, நிறுத்தி யோசித்துச் சரியான சொல்லைத் தேட நேரம் கிடைக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசும்போது வாயில் வராத விஷயங்கள் எழுத்தில் வருவதை ஆலோசனை அறையில் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எனவே அவர் இத்தனை நாளும் உங்களிடம் மறைத்தார் என்றோ, முந்தைய நட்பு மேலோட்டமானது என்றோ முடிவு கட்டாதீர்கள். முதல் மாத மௌனமும் புதிரல்ல. வீடு தேடுவது, மகளைப் புதிய பள்ளியில் சேர்ப்பது, அலுவலகத்தில் அறிமுகமாவது என்று அந்த மாதம் ஓடிவிடும். ஓட்டம் நின்ற பிறகுதான், காலையில் விழித்ததும் போக ஓர் இடம் இல்லை என்பது தெரியவரும்.

‘வேறு எண்ணம்’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னவற்றில் அப்படி நினைக்க எதுவும் இல்லை. தந்தை, வேலை, வயது ஆகிய மூன்றும் 47 வயது மனிதர் நெருங்கிய நண்பரிடம் பேசும் விஷயங்கள். செய்திகள் எத்தனை என்பதை வைத்து எண்ணத்தை ஊகிக்க முடியாது. அவருக்கு உங்களிடம் வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அதை அவர் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.

குடும்பம் உடன் இருக்கிறதே

உங்கள் கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். மனைவியும் மகளும் இருப்பவருக்குத் தனிமை இருக்க முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமை பற்றி எழுதிய நூலில் அதை இரண்டாகப் பிரித்தார். மனத்துக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. நட்பு வட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றில் நிறைவு இருந்தாலும் அது மற்றதை ஈடுகட்டாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நல்ல மணவாழ்க்கை உள்ளவர்கள் ஊர் மாறியபின் வாடிப்போவதற்கும், கணவன் மனைவி இருவரும் ‘நான் இருக்கும்போது உனக்கு என்ன குறை?’ என்று ஒருவரையொருவர் புண்படுத்திக்கொள்வதற்கும் இதுதான் காரணம். அவருடைய மனைவியும் அதே நகரத்தில் புதியவர்தான். தன் பழைய வட்டத்தை விட்டு வந்தவரிடம் தன் பாரத்தையும் ஏற்ற வேண்டாம் என்று உங்கள் நண்பர் நினைத்திருக்கவும் கூடும்.

புதிய நண்பர்களைத் தேடிக்கொள்ளட்டுமே என்று நீங்கள் யோசிக்கலாம். தேடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஆகும் காலத்தையும் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்து 2018-இல் ஒரு மதிப்பீட்டைத் தந்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நல்ல நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகக் கணக்கில் வராது, விரும்பிச் செலவிடும் நேரம்தான் கூடுதலாக உதவுகிறது. புதிய ஊரில் ஒருவரோடு வாரம் இரண்டு மணி நேரம் பழகினால் கூட 200 மணி நேரம் சேர இரண்டு ஆண்டுகள் ஆகும். அவர் போய் ஐந்து மாதங்கள்தான் ஆகின்றன. இப்போதைக்கு அவருடைய நட்பு வட்டத்தில் இருப்பது நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம்.

இது நோயா என்று எப்படி அறிவது

உங்கள் மனைவியின் கவலையைத் தள்ளிவிட வேண்டாம். இரவு ஒரு மணிச் செய்திகளை நானும் கவனித்தேன். ஆனால் எழுதும் அளவு தன்னளவில் நோய்க்குறி அல்ல. செய்திகளின் உள்ளே பாருங்கள். அவர் எழுதுவதில் ஏதாவது நகர்கிறதா? மார்ச்சில் எழுதிய அதே அலுவலக அவமானத்தை, அதே சொற்களில், ஜூலையிலும் எழுதுகிறாரா? அல்லது இடையே மகளைப் பற்றி, புதிதாகக் கண்ட ஒரு தெருவைப் பற்றி, உங்கள் வீட்டு நலனைப் பற்றி ஏதாவது வருகிறதா? உங்களைப் பற்றிக் கேட்கிறாரா? பேச்சு பல பக்கம் திரும்பினால், அது நட்பின் இயல்பான உரையாடல். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால், கொஞ்சம் உற்றுக் கவனிக்க வேண்டும்.

ஊர் மாற்றம் போன்ற நெருக்கடி வந்து மூன்று மாதங்களுக்குள் தொடங்கி, வேலையையும் உறவுகளையும் பாதிக்கும் அளவுக்குப் போகும் துயரத்தைத் தகவமைவுக் கோளாறு என்கிறோம். நெருக்கடி தணிந்தபின் ஆறு மாதங்களுக்குள் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மனச்சோர்வு வேறு. நாளின் பெரும்பகுதியும் துயரமோ, எதிலும் ஈடுபாடு இல்லாமையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும். தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலையும். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற தொனி கேட்கும். மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் உற்சாகம் என்று நினைத்துத் தவறவிடுகிறார்கள். மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, பெரிய திட்டங்களும் வழக்கத்துக்கு மாறான செலவுகளுமாக ஒருவர் சில நாட்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால், அது மனஎழுச்சி நிலையாக இருக்கலாம். அதற்கு உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் விவரிப்பில் இந்த மூன்றாவது எனக்குத் தெரியவில்லை. முதலிரண்டைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஊகித்துக்கொண்டிருக்காமல் அவரிடமே கேளுங்கள், எழுத்தில் வேண்டாம், குரலில் கேளுங்கள். ‘இரவில் தூங்குகிறாயா? காலையில் எழுந்திருக்க மனம் வருகிறதா? வேலைக்கு ஒழுங்காகப் போகிறாயா?’ பதில் தயங்கித் தயங்கி வந்தால், இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?’ இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது உண்மையல்ல. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்ல ஒரு வழி திறக்கிறது. ‘ஆம்’ என்றால் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். அவர் மனைவியிடம் பேசுங்கள், அன்றே அவரை மருத்துவரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ அழைத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு விஷயத்தில் இரகசியம் காக்கத் தேவையில்லை.

‘பதில் போடாதீர்கள்’ என்ற யோசனை

அலுவலக நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த யோசனையை நான் முற்றிலும் மறுக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே பாதி அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், விளைவும் உங்கள் கண்முன்னே இருக்கிறது. ஒரு நாள் உடனே பதில், அடுத்து மூன்று நாள் மௌனம், பிறகு இரண்டு வரி. எப்போது பதில் வரும் என்று தெரியாதபோது மனிதர்கள் முயற்சியைக் குறைப்பதில்லை, கூட்டுகிறார்கள். நான்காவது, ஐந்தாவது செய்திகளில் எத்தனை புதிய விஷயத்துக்காக வருகின்றன, எத்தனை நீங்கள் இருக்கிறீர்களா என்று தட்டிப் பார்க்க வருகின்றன என்று பிரித்துப் பாருங்கள். ‘கோபமா?’ என்ற கேள்வி இரண்டாவது வகை. பதிலே இல்லாமல் முற்றிலும் நிறுத்தினால் சில வாரங்களில் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் இருபத்தாறு ஆண்டு நட்பும் அதோடு போய்விடும், ஏன் போனது என்று அவருக்குத் தெரியாமலே போகும்.

இதில் உங்கள் உரிமையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செய்திக்கும் பதில் தர நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல. அவர் எழுதும் அளவுக்கு நீங்களும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. எழுத வராத ஒருவரை எழுத்து வழியாக மட்டும் நட்பைக் காக்கச் சொல்வது நியாயமும் அல்ல. அவருக்குத் தேவை நீளமான பதில் அல்ல, நம்பி எதிர்பார்க்கக்கூடிய ஒரு நேரம். வாரத்தில் ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில், அவரவர் தெருவில், காதில் கைப்பேசியோடு ஒரு மணி நேரம் நடங்கள். பேசினால் பேசலாம், இல்லையென்றால் மூச்சுச் சத்தம் கேட்டபடி நடக்கலாம். உங்கள் நட்பு வளர்ந்தது அப்படித்தான். எழுத்துக்கு வாரத்தில் இன்னொரு வேளையை ஒதுக்குங்கள். நடுவில் வருபவற்றை அப்போது ஒன்றாகப் படித்து, அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் மனம்விட்டுப் பத்து வரி எழுதினால் போதும்.

இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் நீங்களாகக் கடைப்பிடித்தால் அதுவும் மௌனமாகத்தான் அவருக்குத் தெரியும். உங்கள் நடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஒரு மாதிரி தருகிறேன்:

“டேய், கோபம் ஒன்றும் இல்லை. சில நாள் உன் செய்திகளைத் திறக்காமல் விட்டேன், அது உண்மை. நீ எழுதுவது போல எனக்கு எழுத வராது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் இங்கே நடக்கிறேன், நீ அங்கே நட, கூப்பிடுகிறேன். நடுவில் தோன்றும்போதெல்லாம் எழுது. புதன்கிழமை இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன். அவசரம் என்றால் மட்டும் எழுதாதே, எந்த நேரமானாலும் கூப்பிடு.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் நள்ளிரவுச் செய்தியைப் படிக்காமல் தூங்கினோமே என்ற பயம் இல்லாமல் நீங்கள் தூங்க முடியும்.

சனிக்கிழமை அழைப்பில் அவர் மறுபடி அலுவலகக் கதையைத் தொடங்கினால், முதல் இருபது நிமிடம் கேளுங்கள். பிறகு ‘அடுத்த வாரம் இதில் என்ன செய்யப்போகிறாய்?’ என்று கேட்டுவிட்டுப் பேச்சை நகர்த்துங்கள். அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடையே செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இரண்டு நண்பர்கள் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறும்போது நெருக்கமும் கூடுகிறது, மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று காட்டியது. பெரியவர்களிடமும் இதைத்தான் நான் பார்க்கிறேன். கேட்பது நல்லது, கூடவே சுழல்வது நல்லதல்ல.

அவருடைய செய்திகளை மற்றவர்களிடம் காட்டியதைப் பற்றி

குழப்பத்தில் மனைவியிடம் ஆலோசனை கேட்டீர்கள், அது இயல்பு. இனி செய்திகளையே காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ‘அவன் கொஞ்சம் சோர்ந்திருக்கிறான், எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று சொல்லி யோசனை கேட்கலாம். தந்தையைப் பற்றி அவர் எழுதியது உங்கள் ஒருவருக்காக எழுதியது. அது இன்னொருவர் கண்ணில் பட்டது என்று பின்னால் தெரிந்தால், அவர் வெட்கத்தில் எழுதுவதையும் நிறுத்துவார், சொல்வதையும் நிறுத்துவார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நிலை மட்டுமே விதிவிலக்கு. அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசுவதை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அவர் போனபின் அந்தக் காலை ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் உங்களுக்கும்தான் நின்றுபோயிருக்கிறது. அவர் அதை எழுதித் தீர்க்கிறார். நீங்கள் எரிச்சலாக உணர்வதில் ஒரு பங்கு இந்த இழப்பிலிருந்து வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். ‘நீ போனபின் நானும் நடப்பதை விட்டுவிட்டேன்’ என்ற ஒரு வரி, நீங்கள் கஷ்டப்பட்டு எழுதும் எந்த ஆறுதலையும்விட அவருக்குப் பெரிதாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டை இரண்டு மாதம் விடாமல் செய்து பாருங்கள். தூக்கம் சீராகி, செய்திகளில் புதிய பெயர்களும் இடங்களும் வரத் தொடங்கினால், அவர் அங்கே வேர்விடுகிறார் என்று பொருள். இரண்டு மாதம் கழித்தும் அதே நள்ளிரவு, அதே அவமானக் கதை என்றால், ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு நாள் விடுப்பு எடுத்து நேரில் போய் அந்தப் பேச்சை எடுங்கள்.

எல்லாம் நல்லபடியாக நடந்தால், ஒரு கட்டத்தில் செய்திகள் தாமாகக் குறையும். நாளுக்கு ஐந்து என்பது வாரத்துக்கு ஐந்தாகும். அப்போது உங்களுக்குச் சற்றே வலிக்கலாம், ‘இப்போது நான் வேண்டாமா?’ என்று தோன்றலாம். அந்த வாரங்களிலும் சனிக்கிழமை நடையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.